கவிஞருக்கு எல்லாம் ஆகுமா?

சென்ற தவணையில் எங்கள் வகுப்புச் சுவர்ப் பத்திரிகைக்காக நான் ஒரு வெண்பா எழுதினேன். விடுமுறை முடிந்து தோழியர் மீண்டும் பாடசாலைக்கு வருவதைப் பற்றியது. வெண்பாவின் ஈற்றுச் சீர் ஓரசையாக முடிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக அது இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது 'தோழியர் வருவர்' என்பது. 'வருவர்' ஈரசை. ஈற்றடி இடிந்துவிடும். எனவே 'தோழியர் வரும்' என்று எழுதினேன். 'வரும்' மலர் வாய்பாட்டுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது.

தமிழ் டீச்சர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். "மகள், செய்யும் என்னும் முற்று பலர்பாலுக்கு வராது. தோழி வரும் என்றால் சரி. தோழியர் வரும் என்றால் பிழை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "டீச்சர், கவிஞருக்கு அந்த உரிமை இருக்கிறதுதானே?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இருக்கிறது. நன்னூல் செய்யுள் விகாரம் ஒன்பது சொல்கிறது. வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல், முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை. உங்களுடையது இதில் எது?" என்றார். ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதே வாரம் அரபுப் பாடத்தில் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. மௌலவியா டீச்சர் ஜாஹிலிய்யாக் காலக் கவிஞர் இம்ருஉல் கைஸின் முஅல்லகாவை விளக்கிக்கொண்டிருந்தார். அதில் 'உனைஸா' என்ற பெண்ணின் பெயர் வருகிறது. அந்தப் பெயரின் இறுதி, நஹ்வுப் புத்தகத்தில் நாங்கள் படித்ததற்கு நேர்மாறாக இருந்தது. பின்வாங்கில் இருந்த தோழி "டீச்சர், இது பிழைதானே?" என்றாள். இன்னொருத்தி "கவிஞருக்கு எல்லாம் ஆகும்" என்றாள். இரண்டு பதிலுமே எனக்குத் திருப்தி தரவில்லை. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கேட்டும் வாசித்தும் வந்ததில் எனக்கென ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம்.

அரபில் ஒரு பெயர்ச்சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை அதன் இறுதி ஒலி காட்டும். எழுவாய்க்கு ழம்மா, செயப்படுபொருளுக்கு பத்ஹா, உடைமைக்கும் முன்னிடைச் சொல்லுக்கும் பின்னால் வருவதற்குக் கஸ்ரா. குர்ஆன் மத்ரஸாவில் சிறுவயதில் பேஷ், சபர், சேர் என்று படித்தோமே, அவைதான். இதற்குத்தான் இஃராப் என்று பெயர். அதன்மேல், குறிப்பான அடையாளம் எதுவும் சேராத பெயர்களுக்கு 'ன்' என்ற ஓசையும் சேரும். அது தன்வீன். ஆனால் சில பெயர்கள் இதற்கு விலக்கு. பெண்களின் இயற்பெயர்கள், பிறமொழிப் பெயர்கள், சில பன்மை வடிவங்கள் ஆகியவை தன்வீனை ஏற்பதில்லை. கஸ்ரா வரவேண்டிய இடத்திலும் பத்ஹாவையே பெறும். இவற்றைக் கைரு முன்ஸரிப் என்கிறோம். உனைஸா ஒரு பெண்ணின் இயற்பெயர். ஆகவே உடைமை நிலையில் அது 'உனைஸத' என்றே முடிய வேண்டும். இம்ருஉல் கைஸோ 'உனைஸதின்' என்று சொன்னார். கஸ்ராவும் கொடுத்தார், தன்வீனும் கொடுத்தார்.

ஏன்? அந்தக் கவிதை தவீல் என்ற யாப்பில் அமைந்தது. தவீலின் ஒவ்வொரு பாதியடியும் பஊலுன், மபாஈலுன், பஊலுன், மபாஈலுன் என்ற நான்கு சீர்களால் ஆனது. முதற் பாதியின் நான்காம் சீர் சற்றுச் சுருங்கி மபாஇலுன் என்றே வரும். அதைக் குறில் நெடிலாகப் பிரித்தால் ம, பா, இ, லுன். அதாவது குறு, நெடு, குறு, நெடு. அரபு யாப்பில் குறிலோடு மெய் சேர்ந்து மூடினாலும் அது நெடுவாகவே எண்ணப்படும். இப்போது பெயரை அதன்மேல் வைத்துப் பாருங்கள். உ, னைய், ஸ, தின். குறு, நெடு, குறு, நெடு. சரியாக உட்காருகிறது. இலக்கணப்படி 'உனைஸத' என்றால் உ, னைய், ஸ, த. கடைசி அசை குறுகிவிடுகிறது. அந்த இடத்தில் குறுகிய அசையைத் தவீல் ஏற்காது. பாதியடியின் கால் ஒடிந்துவிடும்.

ஆக, யாப்பு கேட்டது ஒரு நெட்டசை. கவிஞர் அதைக் கொடுத்தார். ஆனால் எங்கிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளியிலிருந்து ஓர் ஓசையைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. பெயர்ச்சொற்களின் மூலநிலை தன்வீனோடு இருப்பதுதான், கைரு முன்ஸரிப் என்பது இடையில் வந்த காரணங்களால் ஏற்பட்ட விலக்கு என்பது இலக்கண அறிஞர்களின் கொள்கை. கவிஞர் அந்த விலக்கை மட்டும் நீக்கிச் சொல்லை அதன் மூலத்துக்குத் திருப்பினார். இதையே அவர்கள் 'அஸ்லுக்குத் திருப்புதல்' என்கிறார்கள். உமிழ்ந்ததை விழுங்குவதல்ல இது. மரத்தை அதன் வேரிலேயே பிடித்துக்கொள்வது.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸீபவைஹி தமது 'அல்கிதாப்' என்ற பெருநூலின் ஆரம்பத்திலேயே, கவிதை எவற்றைத் தாங்கும் என்று ஓர் அத்தியாயம் எழுதினார். உரைநடையில் ஆகாத எவை கவிதையில் ஆகும் என்று அதில் எடுத்துக்காட்டுகிறார். முடிவில் அவர் சொல்லும் கருத்து என் மனதில் பதிந்துவிட்டது. கவிஞர்கள் நிர்ப்பந்தத்தால் எதைச் செய்தாலும், அதற்கு ஒரு முகத்தை, அதாவது ஒரு நியாயமான வழியை, நாடியே செய்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. கவிதையின் இந்த நிர்ப்பந்தத்துக்கு அரபில் ழரூரா என்று பெயர். நாங்கள் 'உரிமை' என்று சொல்வதை அவர்கள் 'நிர்ப்பந்தம்' என்று சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பிக்ஹுப் பாடத்திலும் ழரூரா என்ற சொல் வருகிறது. அங்கே நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும், ஆனால் தேவையின் அளவுக்கு மட்டுமே. கவிதையின் ழரூராவையும் நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

இதற்கு ஓர் எல்லைக்கல் தேவை என்றால் பரஸ்தக்கின் கதையைப் பார்க்க வேண்டும்.

பரஸ்தக் உமையாக்கள் காலத்துப் பெருங்கவிஞர். பனூ தமீம் கோத்திரத்தவர். ஹிஜ்ரி 110 அளவில், கிறிஸ்து ஆண்டு 728 அளவில், மரணித்தார். அவர் காலத்தில் பஸராவில் அப்துல்லாஹ் இப்னு அபீ இஸ்ஹாக் என்ற இலக்கண அறிஞர் இருந்தார். அரபு இலக்கணத்தில் கியாஸை, அதாவது ஒப்பிட்டு விதி காணும் முறையை, விரிவாக்கியவர்களில் ஒருவர். பரஸ்தக் கவிதை சொல்வார். இவர் அதில் இஃராபைப் பிடிப்பார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

ஒரு கவிதையில் பரஸ்தக், காலத்தின் கடியானது செல்வத்தில் எதையும் மிச்சம் வைக்கவில்லை, அழிந்துபோனதையும் ஓரங்கள் அரிக்கப்பட்டதையும் தவிர என்ற கருத்தைச் சொன்னார். 'அழிந்துபோனது' என்ற சொல்லுக்குச் செயப்படுபொருளுக்குரிய பத்ஹா கொடுத்தார். அது சரி. அதோடு 'அல்லது' என்ற இணைப்பால் சேர்த்த 'அரிக்கப்பட்டது' என்ற சொல்லுக்கும் அதே பத்ஹா வரவேண்டும். 'முஜல்லபன்' என்று வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கவிதையின் காபியா, அதாவது அடிதோறும் வரும் இறுதி இயைபு, 'பு' என்ற ஓசை. எனவே அவர் 'முஜல்லபு' என்று எழுவாய்க்குரிய ழம்மாவோடு முடித்தார்.

இப்னு அபீ இஸ்ஹாக் கேட்டார்: எதனால் இதற்கு ழம்மா கொடுத்தீர்? பரஸ்தக்கின் பதில், உமக்கு எரிச்சலூட்டுவதனால் என்பது. சொல்வது எங்கள் வேலை, விளக்கம் தேடுவது உங்கள் வேலை என்றும் சேர்த்துச் சொன்னதாக அறிவிக்கப்படுகிறது.

இந்தப் பதிலைக் கேட்டதும் வகுப்பில் எல்லோரும் கைதட்டினோம். எனக்கும் பிடித்திருந்தது. வெண்பாவில் அடி வாங்கியவள் அல்லவா நான்! ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது அந்தப் பதில் எனக்குக் கசக்கத் தொடங்கியது. கேட்ட கேள்விக்கு அது பதில் அல்லவே. நான் டீச்சரிடம் 'உரிமை இருக்கிறதுதானே' என்றதும் அதே வகைதான்.

உண்மையில் விளக்கம் தேடியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருசாரார், அந்த இடத்தில் 'அது' என்றொரு எழுவாய் மறைந்திருக்கிறது, 'அல்லது அது அரிக்கப்பட்டது' என்று தனி வாக்கியமாகக் கொள்ள வேண்டும் என்றார்கள். வேறு சிலர், முன்னால் உள்ள வினையையே வேறு உயிரொலியோடு படித்து, 'மிச்சம் வைக்கவில்லை' என்பதற்குப் பதிலாக 'நிலைத்திருக்கவில்லை' என்று பொருள்கொண்டு, இரண்டு சொற்களையும் எழுவாயாக்கினார்கள். தப்ஸீர் ஆசிரியர் ஸமக்ஷரீ, இந்த அடியின் இஃராபைச் சரிப்படுத்துவதில் அறிஞர்களின் முழங்கால்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கின்றன என்ற கருத்தில் எழுதினார். அவர் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டவர். கவிதை சொல்லப்பட்டு நானூறு ஆண்டுகளின் பின்னும் முழங்கால் மோதல் ஓயவில்லை!

கதை இதோடு முடியவில்லை. பரஸ்தக் அந்த அறிஞரை வசைபாடி ஒரு கவிதை சொன்னார். அப்துல்லாஹ் ஒரு மவ்லாவாக, அதாவது ஒரு கோத்திரத்தைச் சார்ந்து வாழ்பவராக மட்டும் இருந்தால் வசைபாடியிருப்பேன், அவரோ மவ்லாக்களின் மவ்லா என்பது அதன் கருத்து. குலத்தைக் காட்டிக் குத்தும் இந்த வசை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் இஃராப் மறுபடியும் தலைகாட்டியது. 'மவ்லாக்களின்' என்ற உடைமை நிலையில் வழக்கமான வடிவம் 'மவாலின்'. பரஸ்தக் 'மவாலியா' என்று முடித்தார். அப்துல்லாஹ் வசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இதிலும் பிழைவிட்டீர், மவாலின் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று திருத்தினாராம். தன்னைத் திட்டிய கவிதைக்கும் இஃராப் பார்த்த மனிதர்!

இந்த இரண்டாவது இடம் முதலாவதைப் போன்றதல்ல என்பதே எனது வாதத்தின் மையம். இதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 'மஸாஜித்' என்ற பன்மையை எல்லோரும் அறிவோம். அது கைரு முன்ஸரிப். உடைமை நிலையில் 'மஸாஜித' என்று பத்ஹாவோடு வரும். 'மவாலீ' என்பதும் அதே அச்சில் வார்த்த பன்மைதான். ஆனால் அதன் கடைசி எழுத்து யா. யா பலவீனமான எழுத்து என்பதால் உடைமை நிலையில் அது உதிர்ந்து 'மவாலின்' ஆகிவிடுகிறது. பரஸ்தக் என்ன செய்தார்? யாவை மஸாஜிதின் தாலைப் போல உறுதியான எழுத்தாக நடத்தி, 'மவாலிய' என்று பத்ஹா கொடுத்தார். இறுதி இயைபுக்காக அது நீண்டு 'மவாலியா' ஆயிற்று. உதிர்ந்த எழுத்தை அதன் மூல இடத்தில் திரும்ப வைத்தார், அவ்வளவுதான். ஸீபவைஹி இந்த அடியைத் தமது நூலில் எடுத்துக்காட்டி, இது கவிதையின் நிர்ப்பந்தத்தால் மூலத்துக்குத் திரும்பியது என்ற வகையில் விளக்குகிறார். முழங்கால்கள் மோத வேண்டிய அவசியம் இங்கே இல்லை. உனைஸதின் போன பாதையிலேயே மவாலியாவும் போனது.

ஒரே கவிஞர், ஒரே திமிர், ஒரே கேள்வியாளர். ஆனால் ஓரிடத்தில் பாதை தெரிகிறது. மற்ற இடத்தில் பாதையை நாங்கள்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் முதலாவது ழரூரா, இரண்டாவது கவிஞரின் பெயரால் காப்பாற்றப்படும் ஒரு சறுக்கல். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டு அறிஞர் இப்னு பாரிஸ், கவிதையில் வரும் பிழையைக் கண்டித்து ஒரு சிறுநூலே எழுதியிருக்கிறார். கவிஞர்களும் மற்றவர்களைப் போலப் பிழைவிடக் கூடியவர்கள்தான், அவர்களுடைய ஒவ்வொரு பிழைக்கும் சாக்குத் தேட வேண்டியதில்லை என்பது அவரது நிலைப்பாடு. நான் அவர் பக்கம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பரஸ்தக் பாலைவன அரபு மொழியில் பிறந்து வளர்ந்தவர். இலக்கண அறிஞர்கள் விதிகளை எடுத்ததே அவரைப் போன்றவர்களின் பேச்சிலிருந்தும் கவிதையிலிருந்தும்தான். அப்படியிருக்க, ஊற்றைப் பார்த்து வாய்க்கால் பிழை சொல்லலாமா? இதை நான் இலகுவில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அறிஞர்கள் ஒரு தனி மனிதரின் ஒரே அடியிலிருந்து விதி எடுக்கவில்லை. பலரது வாயில் திரும்பத் திரும்ப வந்ததிலிருந்தே எடுத்தார்கள். கைரு முன்ஸரிபுக்குத் தன்வீன் கொடுப்பது கவிதையில் எங்கும் காணப்படுகிறது. அதனால் அது அங்கீகரிக்கப்பட்ட ழரூரா ஆயிற்று. இணைத்த சொல்லுக்கு இயைபுக்காக வேற்றுமையை மாற்றுவது அப்படிப் பரவவில்லை. ஊற்றிலும் சில நேரம் கலங்கல் வரும் என்பதை ஒப்புக்கொள்வதால் ஊற்றுக்கு அவமரியாதை இல்லை.

இனிச் சொல் ஒழுங்குக்கு வருகிறேன். இதிலும் பரஸ்தக்கே எனக்குக் கைகொடுக்கிறார். பலாகாப் பாடத்தில், கேட்பவருக்கு விளங்காதபடி சொற்கள் சிக்கிக்கொள்வதற்குத் தஃகீத் என்று பெயர். அதற்கு உதாரணமாகப் புத்தகங்கள் எல்லாம் காட்டுவது பரஸ்தக்கின் ஓர் அடியை. மதீனாவின் ஆளுநராக இருந்த இப்ராஹீம் இப்னு ஹிஷாமைப் புகழ்ந்து அவர் சொன்னது. இப்ராஹீம், அன்றைய கலீபா ஹிஷாம் இப்னு அப்துல் மலிக்கின் தாய்மாமன். அதாவது கலீபாவுடைய தாயின் தந்தையும் இப்ராஹீமின் தந்தையும் ஒருவரே. கவிஞர் சொல்ல வந்தது, உயிரோடு இருப்பவர்களில் இவருக்கு நிகரானவர் எவருமில்லை, இவருடைய மருமகனான அரசரைத் தவிர என்பது. அழகான புகழ்ச்சிதான்.

ஆனால் அதைச் சொன்ன விதம்? 'உயிரோடு இருப்பவர் எவருமில்லை' என்பதிலிருந்து 'உயிரோடு இருப்பவர்' என்ற சொல்லைப் பிரித்து வெகுதூரம் தள்ளி வைத்தார். 'தவிர அரசர்' என்பதை அதற்கு முன்னால் இழுத்தார். அரசரின் 'தாயுடைய தந்தை' என்ற எழுவாய்க்கும் 'இவருடைய தந்தை' என்ற பயனிலைக்கும் நடுவில், தள்ளி வைத்த அந்த 'உயிரோடு இருப்பவர்' என்ற சொல்லைச் செருகினார். 'இவரை நெருங்கும்' என்ற அடைமொழியைத் தான் விவரிக்கும் சொல்லிலிருந்து வெட்டி அடியின் கடைசிக்கு அனுப்பினார். போதாததற்கு 'அவர்' என்ற சுட்டு அடி முழுவதும் வருகிறது, ஓரிடத்தில் ஆளுநரையும் ஓரிடத்தில் அரசரையும் குறித்துக்கொண்டு.

இதில் வியப்பு என்னவென்றால் இஃராப் பிழையில்லை. விதிவிலக்கு, பொதுச் சொல்லை முந்திக்கொண்டு வந்தால் அதற்குப் பத்ஹாதான் என்பது விதி. 'அரசர்' என்ற சொல்லுக்கு அதுவே வந்திருக்கிறது. முன்பின்னாக வைப்பதும் தனித்தனியே பார்த்தால் அரபில் ஆகும். அரபில் இறுதி ஒலிகளே ஒவ்வொரு சொல்லின் வேலையையும் காட்டிவிடுவதால், சொல்லை இடம்மாற்றினாலும் பொருள் தப்பாது. தமிழிலும் வேற்றுமை உருபு இருப்பதால்தான் மொழிமாற்று, கொண்டுகூட்டு என்ற பொருள்கோள்கள் சாத்தியமாகின்றன. ஆனால் எழுவாயையும் பயனிலையையும் அந்நியச் சொல் ஒன்று பிரிப்பது, அடைமொழியை அதன் தலைச்சொல்லிலிருந்து பிரிப்பது, இவற்றை ஒரே அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இறுதி ஒலிகளும் கைவிட்டுவிடும். எங்கள் வகுப்பில் அந்த அடியைக் கரும்பலகையில் எழுதி அம்புக்குறி போட்டுக் காட்டினார் டீச்சர். முடித்தபோது பலகை மீன்வலை மாதிரி இருந்தது. சபையில் ஒருமுறை கேட்டு விளங்க வேண்டிய கவிதைக்கு வரைபடம் தேவைப்பட்டால், யாப்புப் பிழைத்தாலும் கவிதை பிழைக்கவில்லை என்பேன்.

'கவிஞருக்கு வேறு வழியில்லை' என்று சொல்வார்கள். உண்மையில் இல்லையா? இதில் அறிஞர்களே இரு பிரிவு. அல்பிய்யாவை இயற்றிய இப்னு மாலிக், கவிஞருக்குத் தப்ப வழி இல்லாதபோது மட்டுமே அது ழரூரா என்றார். பெரும்பாலானோர், வழி இருந்ததோ இல்லையோ, உரைநடையில் வராமல் கவிதையில் வருவது எல்லாம் ழரூராதான் என்றார்கள். இப்னு மாலிக்கை மறுத்தவர்களின் நியாயம் சுவையானது. மொழி விசாலமானது, எந்தச் சொல்லுக்கும் பதில் வேறு சொல் போடலாம், அப்படிப் பார்த்தால் உலகில் ழரூரா என்று ஒன்றுமே இராது என்றார்கள். விளக்கத்துக்கு இவர்களுடைய வரைவிலக்கணம்தான் பொருத்தம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். இம்ருஉல் கைஸ் வேறு சொல் தேடியிருக்கலாமே என்று இன்று இருந்துகொண்டு சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் எழுதும்போது இப்னு மாலிக்கின் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொள்வது நல்லது. அபூ ஹிலால் அல்அஸ்கரீயும் எழுதுபவருக்கு அந்த அறிவுரையையே கொடுத்தார். அறிஞர்கள் சலுகை கொடுத்திருந்தாலும் ழரூராக்களைத் தவிர்த்துக்கொள், அவை பேச்சை அசிங்கப்படுத்தும் என்றார். இப்னு ஜின்னீ இதற்கு மறுபக்கம். ழரூராவில் இறங்கும் கவிஞர், கடிவாளமில்லாத முரட்டுக் குதிரையில் பாய்பவரைப் போன்றவர், அவருடைய துணிவுக்கும் ஆற்றலுக்கும் அது சாட்சி, இயலாமைக்கு அல்ல என்றார். எனக்கு அந்த உவமை பிடிக்கும். ஆனால் குதிரை ஓட்டத் தெரிந்தவர் கடிவாளத்தை விடுவதும், ஓட்டத் தெரியாதவர் கடிவாளத்தைத் தவறவிடுவதும் ஒன்றல்லவே.

இது வெறும் கவிஞர்களின் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் படிக்கும் நஹ்வு விதிகளுக்கு ஆதாரமாகக் கவிதை அடிகள் காட்டப்படுகின்றன. குர்ஆனின் அரிய சொற்களுக்குப் பொருள் காணவும் பழங்கவிதை பயன்படுகிறது. எது விதி, எது ழரூரா, எது சறுக்கல் என்று பிரிக்கத் தெரியாவிட்டால் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுவிடுவோம்.

இதற்கு ஒரே ஓர் உதாரணம். அல்இன்ஸான் அத்தியாயத்தின் நான்காம் வசனத்தில் சங்கிலிகளைக் குறிக்கும் சொல்லை நாங்கள் ஓதும் ஹப்ஸின் கிராஅத்தில் 'ஸலாஸில' என்று தன்வீன் இல்லாமல் சேர்த்து ஓதுகிறோம். அது மஸாஜிதின் அச்சில் உள்ள கைரு முன்ஸரிப். ஆனால் நாபிஉ, கிஸாயீ போன்ற இமாம்களின் கிராஅத்தில் 'ஸலாஸிலன்' என்று தன்வீனோடு ஓதப்படுகிறது. 'உனைஸதின்' படித்த மாணவி உடனே 'ஆ, ழரூரா' என்று சொல்லிவிடக் கூடும். அது பெரும் தவறு. குர்ஆன் கவிதையல்ல. அதற்கு யாப்பின் நிர்ப்பந்தம் இல்லை. அதனால் அறிஞர்கள் வேறு இடத்தில் காரணம் தேடினார்கள். அடுத்து வரும் சொற்கள் தன்வீனோடு இருப்பதால் அவற்றோடு இசைந்து வந்தது என்றார்கள். எல்லாப் பெயர்களுக்கும் தன்வீன் கொடுக்கும் அரபிகளும் இருந்தார்கள், அது அவர்களின் பேச்சு வழக்கு என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது காரணத்தை வைத்துக்கொண்டு இம்ருஉல் கைஸிடம் திரும்பிப் போனால், அவர் கைநீட்டி எடுத்தது மொழிக்குள் உயிரோடு இருந்த ஒன்றைத்தான் என்று இன்னும் தெளிவாகிறது. ஸீபவைஹி சொன்ன 'முகம்' அதுதான்.

ஆகவே 'பிழைதானே' என்ற தோழிக்கும் 'எல்லாம் ஆகும்' என்ற தோழிக்கும் எனது பதில் ஒன்றே. ஒரு கவிஞர் விதியை மீறியிருப்பதைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். யாப்போ இயைபோ உண்மையில் அந்த இடத்தில் எதைக் கேட்டது? கவிஞர் கொடுத்ததற்கு மொழிக்குள் ஒரு பாதை இருக்கிறதா, மற்றக் கவிஞர்களும் அதில் நடந்திருக்கிறார்களா? கேட்பவருக்குப் பொருள் தப்பாமல் போய்ச் சேர்ந்ததா? உனைஸதின் மூன்றிலும் தேறுகிறது. மவாலியாவும் தேறுகிறது. முஜல்லபு இரண்டாவதில் தடுக்கி விழுகிறது. ஆளுநரைப் புகழ்ந்த அடி மூன்றாவதில் விழுகிறது. எங்கள் வகுப்பறைகளில் ழரூரா என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடாமல், இந்த மூன்றையும் கேட்டுப் படிப்பித்தால் நஹ்வும் இனிக்கும், கவிதையும் இனிக்கும் என்பதே எனது அபிப்பிராயம்.

என் வெண்பாவையும் இதே தராசில் வைத்தேன். யாப்பு ஓரசை கேட்டது உண்மை. 'தோழியர் வரும்' என்பதற்கு நன்னூலில் பாதை இல்லை. எனவே ஈற்றடியை மாற்றி, தோழியர் வருவதற்கு முன்னர் வாசலில் அவர்களின் குரல் வரும் என்று எழுதினேன். குரல் அஃறிணை. 'வரும்' தாராளமாக வரலாம். டீச்சர் வாசித்துவிட்டு, "இதுதான் முதல் இருந்ததைவிட நல்லா இருக்கு, மகள்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையில் காலையில் எங்கள் வகுப்பறைக்கு முதலில் வருவது தோழியர் அல்ல, அவர்களின் குரல்தானே.